சரக்கு தாமதமானால் சப்ளையருக்குப் புகார் எழுதுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் பதில்களில் ஒரே உதாரணத்தைத்தான் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன். ஒரு சிறு நிறுவனம் தன் பொருளை அனுப்புவதற்காக 5000 அச்சிட்ட அட்டைப்பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுக்கிறது. அது தாமதமாக, அதுவும் பாதிதான் வந்து சேர்கிறது. பெட்டி என்ற இடத்தில் உங்கள் சரக்கை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

தேதி தாண்டிவிட்டது. போன் செய்தால் "நாளைக்கு வந்துடும்" என்கிறார்கள். எப்போது எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்?

தேதி தாண்டிய மறுநாளே ஒரு சின்ன மின்னஞ்சல் போய்விட வேண்டும். அதைப் புகார் என்று நினைக்க வேண்டாம், பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஏப்ரல் 1 அன்று வர வேண்டிய சரக்கு இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்று எழுதுங்கள்" என்ற இரண்டு வரி போதும். முழுப் புகாரை அதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து எழுதலாம். இந்த முதல் வரி இல்லாமல் மூன்று வாரம் போனிலேயே பேசிக்கொண்டிருந்தால், "அவர்கள் எதுவும் சொல்லவில்லையே, அவசரமில்லை என்றுதான் நினைத்தோம்" என்று சப்ளையர் சொல்ல இடம் கிடைத்துவிடும்.

ஒவ்வொரு போன் பேச்சுக்குப் பிறகும் அன்றைக்கே ஒரு அஞ்சல் போடும் பழக்கம் மிகவும் உதவும். அதில் ஒரு வாக்கியத்தைச் சேர்க்காமல் விடாதீர்கள்: "நீங்கள் சொன்ன புதிய தேதியைக் குறித்துக்கொண்டோம். இதனால் ஆர்டரில் உள்ள டெலிவரி தேதி மாறியதாகாது." இது இல்லாமல் "சரி, 4-ஆம் தேதி அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதினால், 4-ஆம் தேதியை நீங்களே ஒப்புக்கொண்டதாக வாதாடலாம். அப்படித் தேதி கைவிட்டுப் போனவர்கள் நிறைய.

தாமதத்தை எந்தத் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும்? ஆர்டர் கொடுத்த நாளிலிருந்தா?

பெரும்பாலான புகார்கள் இந்த இடத்தில்தான் சாய்கின்றன. எனவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

நம் உதாரணத்தில் பர்சேஸ் ஆர்டர் மார்ச் 3 அன்று போனது. அட்வான்ஸ் மார்ச் 5-இல் அவர்கள் கணக்கில் விழுந்தது. அச்சு மாதிரி, அதாவது ப்ரூஃப், மார்ச் 7-இல் வந்தது. அதற்கு ஒப்புதல் போனது மார்ச் 11-இல். ஆர்டரில் இருக்கும் வரி இது: "அட்வான்ஸ் கிடைத்து, ப்ரூஃபுக்கு ஒப்புதல் வந்த நாளிலிருந்து 21 நாளில் டெலிவரி."

கோபத்தில் எழுதுகிறவர் மார்ச் 3-இலிருந்து 21 நாளை எண்ணி, மார்ச் 24-ஐக் கெடுவாகப் போட்டுவிடுவார். சப்ளையர் ஒப்புதல் அஞ்சலை எடுத்துக் காட்டி, "கணக்கே தப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதற்குப் பிறகு மீதி எல்லாம் உண்மையாக இருந்தாலும் எடுபடாது. சரியான கெடு, மார்ச் 11-உடன் 21 நாளைக் கூட்டினால் வரும் ஏப்ரல் 1. அதைத்தான் எழுத வேண்டும்.

அடுத்து, "நாள்" என்பது காலண்டர் நாளா, வேலை நாளா என்ற சிக்கல். ஆர்டரில் வெறும் "நாள்" என்று இருந்தால் காலண்டர் நாளாக எடுத்துக்கொள்வதுதான் இயல்பு. ஆனாலும் எதிர்த்தரப்பு வேலை நாள் என்று கிளப்பும். வாரத்துக்கு 5 வேலை நாள் என்று அவர்கள் வழியிலேயே கணக்குப் போட்டாலும், இடையில் பொது விடுமுறை இல்லையென்றால், கெடு ஏப்ரல் 9-க்கும் 11-க்கும் இடையில் வரும். சரக்கு வந்தது ஏப்ரல் 14. ஆகவே, "வேலை நாளாக எண்ணினாலும் இது தாமதமே" என்ற வரியைக் கடிதத்தில் முன்கூட்டியே வைத்துவிடலாம். அவர்களுடைய வலுவான பதிலை நீங்களே முதலில் சொல்லி அடைத்துவிட்டால், பேச்சு நேராகத் தீர்வுக்குப் போகும்.

இன்னொன்றும் பாருங்கள்: "டெலிவரி" எங்கே முடிகிறது? சப்ளையரின் வாசலில் சரக்கைத் தயாராக வைப்பதுதான் ஒப்பந்தம் என்றால், லாரி வழியில் நின்றதற்கு அவர் பொறுப்பில்லை. உங்கள் கிடங்கில் சேர்ப்பது ஒப்பந்தம் என்றால் வழித் தாமதமும் அவருடையதே. நாடு விட்டு நாடு வாங்குபவர்கள் இதை இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின் மூன்றெழுத்துக் குறியீட்டில் பார்க்கலாம். EXW என்றால் சப்ளையரின் இடத்திலேயே டெலிவரி முடிந்துவிடும். DAP என்றால் நீங்கள் குறிப்பிட்ட இடத்துக்கு வந்து சேர வேண்டும். EXW போட்டு வாங்கிவிட்டு, லாரி தாமதத்துக்குப் புகார் எழுதுவதில் பலனில்லை.

ப்ரூஃபுக்கு ஒப்புதல் கொடுக்க நாங்களும் 4 நாள் எடுத்துக்கொண்டோம். அதைச் சொன்னால் எங்கள் பக்கம் பலவீனமாகாதா?

ஆகாது, சொல்லிவிடுங்கள். ஒப்புதல் தேதியிலிருந்துதான் 21 நாள் ஓடுகிறது என்பதால், அந்த 4 நாள் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. அதை மறைத்து எழுதினால், அவர்கள் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்போது பெரிய விஷயம்போலத் தெரியும். தேதிப் பட்டியலில் "மார்ச் 7: ப்ரூஃப் வந்தது. மார்ச் 11: ஒப்புதல் அனுப்பினோம்" என்று அமைதியாக இருந்தால் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

கெடு ஆர்டர் நாளிலிருந்து ஓடும்படி எழுதியிருந்தால் நிலைமை வேறு. அப்போது, நீங்கள் நியாயமான நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட நாளை நீங்களே கெடுவில் கூட்டிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஆர்டரில் தேதியே போடவில்லை. "சீக்கிரம் அனுப்புகிறோம்" என்று மட்டும்தான் சொன்னார்கள். இப்போது புகார் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் முதலில் ஒரு தேதியை உருவாக்க வேண்டும். தேதி இல்லாத ஆர்டரில் "நியாயமான காலத்துக்குள்" கொடுக்க வேண்டும் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கொள்கை. சர்வதேசச் சரக்கு விற்பனைக்கான 1980-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையிலும் 33-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. எது நியாயமான காலம் என்பதற்கு அவர்கள் முன்பு உங்களுக்கு இதே சரக்கை எத்தனை நாளில் கொடுத்தார்கள், அவர்களுடைய விலைப்பட்டியலில் என்ன போட்டிருக்கிறது என்பவை சான்றாகும். இப்போதே ஒரு அஞ்சல் போட்டு, குறிப்பிட்ட ஒரு தேதிக்குள் வேண்டும் என்று கேளுங்கள். அந்தத் தேதியும் தாண்டினால் உங்கள் புகாருக்கு நிற்க ஓர் இடம் கிடைக்கும்.

என்னென்ன ஆதாரம் வைக்க வேண்டும்? எல்லாவற்றையும் இணைத்து அனுப்பலாமா?

எல்லாவற்றையும் கொட்டினால் படிக்கிறவர் எதையும் பார்க்க மாட்டார். தேதிப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆதாரம் இருந்தால் போதும். பர்சேஸ் ஆர்டரும் அதை அவர்கள் ஏற்றுக்கொண்ட அஞ்சலும், அட்வான்ஸ் போன வங்கிப் பதிவு, ஒப்புதல் அஞ்சல், இடையில் அவர்கள் கொடுத்த வாக்குறுதிகள், சரக்கோடு வந்த டெலிவரி சலான், லாரி ரசீது. நம் உதாரணத்துக்கு இவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் "இணைப்பு 1, இணைப்பு 2" என்று எண் போட்டு, கடிதத்தில் அந்தந்த வரியின் பக்கத்திலேயே எண்ணைக் குறியுங்கள்.

பலரும் லாரி ரசீதைப் பார்ப்பதில்லை. அதில்தான் பெரும்பாலும் உண்மை இருக்கும். நம் உதாரணத்தில் சப்ளையரின் இன்வாய்ஸில் மார்ச் 31 என்று தேதி. அதைக் காட்டி, "நாங்கள் மாத முடிவிலேயே அனுப்பிவிட்டோம், வழியில் தாமதம்" என்றார். லாரி ரசீதில் சரக்கு புக் ஆன தேதி ஏப்ரல் 12. இன்வாய்ஸை எந்தத் தேதி போட்டும் அடிக்கலாம். சரக்கைக் கையில் வாங்கிக்கொண்ட மூன்றாவது ஆள் எழுதிய தேதி அப்படியல்ல. உங்களிடம் ரசீது இல்லையென்றால் போக்குவரத்து நிறுவனத்திடம் புக்கிங் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

எங்களுக்குள் எல்லாப் பேச்சும் வாட்ஸ்அப்பில்தான். அது ஆதாரமாகுமா?

புகாரோடு இணைப்பதற்குத் தாராளமாக ஆகும். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரிகிற மாதிரி எடுங்கள். ஒரு செய்தியை மட்டும் வெட்டி எடுக்காமல், முன்னும் பின்னும் இரண்டு செய்தி சேர்ந்திருக்கட்டும். அதோடு அந்த உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். செய்திகள் அழியலாம், போன் மாறலாம். குரல் செய்தியாக வாக்குறுதி வந்திருந்தால், அதில் சொன்னதை எழுத்தில் திருப்பி அனுப்பி "சரிதானே?" என்று கேட்டுவிடுங்கள். "ஆமாம்" என்று வரும் ஒரே சொல் பிறகு பயன்படும்.

3000 பெட்டி வந்துவிட்டது, 2000 வரவில்லை. வந்ததை இறக்கிக் கையெழுத்துப் போட்டால் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டதாகிவிடுமா?

இறக்கிக்கொள்ளுங்கள். வெறும் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். டிரைவர் நீட்டும் சலானில், உங்கள் கையெழுத்துக்கு மேலே, "3000 மட்டும் பெறப்பட்டது. 2000 பாக்கி. கெடு ஏப்ரல் 1. தாமதம் தொடர்பான உரிமைகள் தொடரும்" என்று பேனாவால் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, டிரைவர் கிளம்பும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் அவசரப்படுத்துவார். பரவாயில்லை, எழுத அரை நிமிடம்தான் ஆகும். சலானில் "5000" என்று அச்சாகி இருந்தால் அதை அடித்துத் திருத்தாமல் கையெழுத்துப் போடவே கூடாது. எண்ணிப் பார்க்க நேரமில்லையென்றால் "எண்ணிக்கை சரிபார்க்கப்படவில்லை" என்று எழுதுங்கள்.

என்ன தீர்வு கேட்பது? "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் போதாதா?

போதாது. "தகுந்த நடவடிக்கை" என்றால் அவர்கள் ஒரு மன்னிப்பு அஞ்சலோடு முடித்துக்கொள்வார்கள். நீங்கள் கேட்பதை, அந்த அஞ்சலைப் படிக்கிற ஒருவர் யாரையும் கேட்காமல் அப்படியே செய்யக்கூடிய வடிவில் எழுதுங்கள். எது, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யார் செலவில்.

முதலில் உங்களுக்கே ஒரு முடிவு வேண்டும்: சரக்கு இன்னும் தேவையா, தேவையில்லையா? தேவை என்றால் மீதிக்கு இறுதித் தேதி கொடுத்து, தாமதத்துக்கான கழிவைக் கேளுங்கள். தேவையில்லை என்றால் மீதி ஆர்டரை ரத்து செய்து, அதற்கான அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால், அவர்கள் தங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்கள்.

இறுதித் தேதி கொடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. வியன்னா உடன்படிக்கையின் 47-ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் நியாயமான கூடுதல் அவகாசம் கொடுக்கலாம். அந்த அவகாசம் முடியும் வரை, சப்ளையர் தன்னால் முடியாது என்று அறிவித்தாலொழிய, ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆனால் தாமதத்துக்கான இழப்பீட்டு உரிமை போய்விடாது. அவகாசத்துக்குள்ளும் கொடுக்கவில்லை என்றால் 49-ஆம் பிரிவு ரத்து செய்ய வழி விடுகிறது. இந்த உடன்படிக்கை சேர்ந்துள்ள நாடுகளுக்கிடையேயான வணிகத்துக்கானது. ஒரே நாட்டுக்குள் என்றால் அந்த நாட்டுச் சட்டமும் உங்கள் ஒப்பந்தமும்தான் பேசும். எங்கே இருந்தாலும் நான் பின்பற்றச் சொல்வது இந்த வரிசையைத்தான்: அவகாசம், தேதி, அது தவறினால் ரத்து.

இழப்பீடாக எவ்வளவு கேட்கலாம்?

ஆர்டரில் தாமதக் கழிவு விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் உதாரணத்தில் இருக்கிறது: "வராத பகுதியின் மதிப்பில், முழுதாகத் தாமதமான ஒவ்வொரு வாரத்துக்கும் 1 சதவீதம். அதிகபட்சம் ஆர்டர் மதிப்பில் 10 சதவீதம்."

முதலில் வந்த 3000 பெட்டி 13 நாள் தாமதம். முழு வாரம் ஒன்றுதான். ஆகவே 3000-இல் 1 சதவீதம், அதாவது 30 பெட்டியின் விலை. இரண்டாவது வாரத்துக்கு ஒரு நாள் குறைகிறது. அதையும் சேர்த்துக் கேட்க மனம் இழுக்கும், வேண்டாம். மீதி 2000 ஏப்ரல் 22-இல் வந்தால் 21 நாள் தாமதம், முழுதாக மூன்று வாரம். 2000-இல் 3 சதவீதம், 60 பெட்டியின் விலை. மொத்தம் 90 பெட்டியின் விலையைக் கழிக்கலாம். உச்சவரம்பான 500 பெட்டி விலையை இது நெருங்கக்கூட இல்லை. தொகை சிறியதுதான். ஆனால் அவர்களுடைய கணக்காளரும் இதே விதியை வைத்து இதே எண்ணுக்கு வந்து சேர்வார். அதனால்தான் இது கிடைக்கும்.

கழிவு விதி இல்லையென்றால் உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட செலவைக் காட்ட வேண்டும். இடைக்காலத்துக்கு வேறு இடத்தில் அச்சில்லாத பெட்டி வாங்கி ஸ்டிக்கர் ஒட்டினீர்கள் என்றால், அந்த முழுச் செலவையும் கேட்க முடியாது. வழக்கமான விலையைவிட எவ்வளவு கூடுதலோ அதை மட்டும் ரசீதோடு கேட்கலாம். நஷ்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுக்காமல் சும்மா இருந்தால் அதுவும் உங்களுக்கு எதிராகப் பேசும். பொதுவாகக் கழிவு விதி இருக்கும்போது, அதே தாமதத்துக்கு அதன் மேல் உண்மைச் செலவையும் சேர்த்துக் கேட்க முடியாது. இரண்டையும் கேட்டால் இரண்டிலும் இழுபறிதான்.

ஒரு மாதிரிக் கடிதம் கிடைக்குமா?

நம் உதாரணத்துக்கு ஏப்ரல் 16 அன்று போக வேண்டிய கடிதம் இப்படி இருக்கலாம்:

> பொருள்: 5000 அச்சிட்ட அட்டைப்பெட்டி ஆர்டர், மார்ச் 3. டெலிவரி தாமதம், 2000 பாக்கி.
>
> ஐயா,
>
> மேற்கண்ட ஆர்டரின்படி, ப்ரூஃப் ஒப்புதலிலிருந்து 21 நாளில், அதாவது ஏப்ரல் 1-க்குள், 5000 பெட்டிகள் எங்கள் கிடங்குக்கு வந்திருக்க வேண்டும். ஏப்ரல் 14 அன்று 3000 மட்டும் வந்தது. 2000 இன்று வரை வரவில்லை.
>
> மார்ச் 3: ஆர்டர் (இணைப்பு 1). மார்ச் 5: அட்வான்ஸ் செலுத்தினோம் (இணைப்பு 2). மார்ச் 7: ப்ரூஃப் வந்தது. மார்ச் 11: ஒப்புதல் அனுப்பினோம் (இணைப்பு 3). மார்ச் 29: ஏப்ரல் 4-இல் அனுப்புவதாகப் போனில் சொன்னீர்கள். கெடு மாறாது என்று அன்றே எழுதினோம் (இணைப்பு 4). ஏப்ரல் 6: இயந்திரப் பழுது என்று செய்தி அனுப்பினீர்கள் (இணைப்பு 5). ஏப்ரல் 14: 3000 பெட்டி வந்தது, பாக்கியைச் சலானில் குறித்தோம் (இணைப்பு 6). லாரி ரசீதில் புக்கிங் தேதி ஏப்ரல் 12 (இணைப்பு 7).
>
> 21 நாளை வேலை நாளாக எண்ணினாலும் இது தாமதமே.
>
> நாங்கள் எதிர்பார்ப்பது: மீதி 2000 பெட்டி ஏப்ரல் 22 மாலை 5 மணிக்குள் எங்கள் கிடங்குக்கு வர வேண்டும். அதற்குத் தனி வண்டி தேவைப்பட்டால் செலவு உங்களுடையது. ஆர்டரின் தாமத விதிப்படி 90 பெட்டியின் விலையை இறுதி இன்வாய்ஸில் கழித்துத் தர வேண்டும். கணக்கு இத்துடன் உள்ளது (இணைப்பு 8).
>
> இதை ஏற்பதாக ஏப்ரல் 18-க்குள் எழுத்தில் உறுதி செய்யுங்கள். ஏப்ரல் 22-இல் சரக்கு வராவிட்டால், மீதி 2000-க்கான ஆர்டரை ரத்து செய்து, அதற்குரிய அட்வான்ஸைத் திரும்பக் கேட்போம்.

கடிதத்தில் "அலட்சியம்", "ஏமாற்று வேலை" போன்ற சொற்கள் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அப்படி ஒரு சொல் இருந்தால் பதில் முழுக்க அதைச் சுற்றியே வரும், 2000 பெட்டி பற்றிப் பேச்சே இருக்காது.

இயந்திரம் பழுது, மூலப்பொருள் தட்டுப்பாடு என்று காரணம் சொல்கிறார்கள். ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

காரணத்தை நம்பலாம், பொறுப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தன் கட்டுப்பாட்டில் இல்லாத, ஆர்டர் எடுக்கும்போது எதிர்பார்த்திருக்க முடியாத, தவிர்க்கவும் முடியாத தடை என்றால்தான் பொதுவாக விலக்கு உண்டு. சொந்த இயந்திரம் பழுதாவது அதில் சேர்வது அரிது. உண்மையான பெருந்தடை என்றால் தெரிந்த உடனே அறிவித்திருக்க வேண்டும். நம் உதாரணத்தில் பழுது பற்றி முதல் தகவல் ஏப்ரல் 6-இல், கெடு தாண்டி ஐந்து நாள் கழித்து வந்தது. "எந்த நாளில் பழுதானது, எந்த நாளில் சரியானது, சர்வீஸ் அறிக்கை அனுப்புங்கள்" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உண்மையாக நடந்திருந்தால் தாள் வந்துவிடும்.

மீதிப் பணத்தை நிறுத்தி வைக்கலாமா?

வராத சரக்குக்கான பணத்தைக் கெடுவுக்கு முன் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, கொடுக்க வேண்டியதில்லை. வந்த 3000-க்கான பணத்தை முழுக்க நிறுத்துவது வேறு விஷயம். அதில் நீங்களே ஒப்பந்தம் மீறியவராகலாம், "பணம் வராததால்தான் மீதியை அனுப்பவில்லை" என்ற வாதத்தையும் அவர்களுக்குக் கொடுத்துவிடுவீர்கள். 30 பெட்டி விலையைக் கழித்துவிட்டு, கழித்ததற்கான கணக்கையும் எழுதி அனுப்பி, மீதியைக் கொடுத்துவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் கழிக்க ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 18 போய்விட்டது, பதிலே இல்லை. அடுத்து?

ஏப்ரல் 19 அன்று அதே கடிதத்தை, பேசிக்கொண்டிருந்த விற்பனையாளருக்கு மட்டுமல்லாமல் அவருடைய மேலாளருக்கும் கணக்குப் பிரிவுக்கும் அனுப்புங்கள். அஞ்சலோடு கூட, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வரும் வழியில் ஒரு அச்சுப் பிரதியும் போகட்டும். புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம், 22-ஆம் தேதியையும் தள்ளிவைக்க வேண்டாம்.

22-இலும் வரவில்லையென்றால், சொன்னபடி 23-ஆம் தேதி ரத்துக் கடிதம் போக வேண்டும். இங்கே தயங்கி இன்னொரு வாரம் கொடுத்தால், அடுத்த கெடுவை யாரும் மதிக்க மாட்டார்கள். ரத்துக் கடிதத்தில் திரும்ப வேண்டிய அட்வான்ஸ் தொகை, வங்கிக் கணக்கு, அதற்கான தேதி மூன்றும் இருக்கட்டும். ரத்து செய்த பிறகு லாரி வந்து நின்றால் இறக்காதீர்கள். இறக்கிவிட்டால் ரத்தை நீங்களே கைவிட்டதாகிவிடும். அட்வான்ஸும் திரும்பவில்லை என்றால் இந்தக் கடிதங்களையும் எட்டு இணைப்புகளையும் அப்படியே ஒரு வழக்கறிஞரிடமோ வணிகத் தீர்வு மன்றத்திடமோ கொண்டுபோகலாம். அவர்கள் முதலில் கேட்கும் தேதிப் பட்டியல் கடிதத்திலேயே இருக்கும்.